வெண்கலமும் ஒரு பதக்கம்தான்

இலங்கை மலைநாட்டில் எல்லாம் கிடைக்கும், சமதரை மட்டும் கிடைக்காது. டயகமப் பக்கத்தில் உள்ள அந்தத் தேயிலைத் தோட்டத்துக்கு மூன்று டிவிசன், நூற்றுக்கணக்கான குடும்பம், ஆனால் பந்தை வைத்தால் வைத்த இடத்தில் நிற்கும் மைதானம் ஒன்றே ஒன்றுதான். அதற்காக ஒருகாலத்தில் மண்டை உடைந்தது, பொலிஸ் வந்தது. கடைசியில் தோட்டத்தை நிர்வகித்த துரை ஒருவர் சலித்துப்போய், சித்திரை வருசப்பிறப்பு விளையாட்டு விழாவில் எந்த டிவிசன் முதலிடம் வருகிறதோ அதற்கே ஒரு வருசத்து ஞாயிற்றுக்கிழமை மைதானம் என்று சொல்லிவிட்டுப் போனார். துரை போய்விட்டார், வழக்கம் நிலைத்துவிட்டது. மற்ற ஆறு நாளும் மைதானம் யாருக்கு என்று எவரும் கேட்பதில்லை. கொழுந்து எடுக்கிற கைக்கு ஞாயிறுதானே விடிவு.

மூன்று வருசமாக முதலிடம் கீழ்டிவிசன். ஆகவே மூன்று வருசமாக ஞாயிறும் கீழ்டிவிசனுக்கு. கீழ்டிவிசன் என்றால் ஜீவராஜ். ஜீவராஜ் என்றால் கிரிக்கெட். ஆட்டோ ஓட்டுகிறவர், இளைஞர் சங்கத் தலைவர், வாய்க்குக் கதவே வைக்காமல் படைக்கப்பட்டவர். ஞாயிறு விடிந்தால் அவரும் அவருடைய பட்டாளமும் மட்டையோடு இறங்குவார்கள். இருட்டுகிறவரை ஏறமாட்டார்கள்.

அதே கீழ்டிவிசனில் பெண்களுக்கும் கரப்பந்து, அதாவது வொலிபோல், அணி ஒன்று இருந்தது. அதன் தலைவி நாகலெட்சுமி. பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற பொறுப்பாளர். தோட்டத்தில் எல்லாருக்கும் அவள் டீச்சர். இந்த அணி பழகிய இடம் கொழுந்து நிறுக்கிற கொட்டகைக்கு முன்னால் இருக்கும் ரோட்டு வளைவு. ஒருத்தி கொஞ்சம் ஓங்கி அடித்தால் போதும், பந்து தேயிலைக்குள் விழுந்து அடுத்த மலைவரை உருளும். அதைத் தேடி எடுத்து வருவதற்குள் ஆட்டம் மறந்துபோகும். போன வருசம் நுவரெலியாவில் ஒரு போட்டிக்குப் போனார்கள். முழு அளவு கரப்பந்து மைதானத்தை அன்றுதான் பார்த்தார்கள். பந்து கோட்டுக்கு உள்ளே விழுந்ததா வெளியே விழுந்ததா என்று அவர்களுக்கே தெரியவில்லை. ஒரு செட்டிலும் பத்தைத் தாண்டாமல் தோற்று, பஸ்ஸில் ஒருத்தரோடொருத்தர் பேசாமல் திரும்பினார்கள். அந்தப் பஸ்ஸில் ஜன்னல் பக்கமாகத் திரும்பி நாகலெட்சுமி அழுதாள். தோற்றதற்காக அல்ல. தோற்பதற்குக்கூட ஒழுங்காகப் பழகவில்லையே என்றுதான்.

ஜீவராஜிடம் போய்க் கேட்டாள். ஞாயிற்றில் அரை நாள் விட்டுக்கொடுங்கள் அண்ணே என்றாள்.

ஜீவராஜ் சிரித்தார். "தங்கச்சி, கப்ப வாங்கிக் குடுத்தது யாரு? நம்ம பயலுக. ஓட்டத்துல தங்கம், பாய்ச்சல்ல தங்கம். நீங்க கொண்டுவந்தது எல்லாம் வெண்கலம். வெண்கலத்த யாரு எண்ணுறா?"

அவர் சொன்னது அன்றைக்கு உண்மைதான். பதக்கப் பட்டியலில் தங்கம்தான் முதல். யாருக்குத் தங்கம் கூடுதலோ அவர் மேலே. தங்கம் சமமானால் வெள்ளி, வெள்ளியும் சமமானால் வெண்கலம். ஒலிம்பிக் பட்டியலை உலகத்தின் பெரும்பாலான இடங்களில் போடுகிற மாதிரி. அந்தக் கணக்கில் பத்து வெண்கலமும் ஒரு தங்கத்தின் காலடியில்தான் கிடக்கும். நாகலெட்சுமி திரும்பி வந்துவிட்டாள். அதை ஜீவராஜ் தோல்வி என்று நினைத்துக்கொண்டார். பிள்ளைக் காம்பராவில் நாற்பது குழந்தைகளை ஒரே நேரத்தில் தூங்கவைக்கிறவளை அவர் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை.

விழாவுக்கு முன் வழக்கம்போல சபை கூடியது. டிவிசனுக்கு இரண்டு பேர், வாசிகசாலையில். போன வருசம் வென்ற டிவிசனின் தலைவர் என்பதால் நடுநாற்காலியில் ஜீவராஜ். மேல்டிவிசனுக்கு இக்னேசியஸ் சேரும், பெண்கள் அணித் தலைவி பெற்றீசியாவும். இக்னேசியஸ் சேர் பாடசாலையில் கணக்குப் படிப்பிக்கிறவர். நடுடிவிசனுக்குச் செல்லசாமியும் அவருடைய மருமகனும். நாகலெட்சுமி கீழ்டிவிசனின் இரண்டாவது ஆள், விழாவின் செயலாளரும் அவள்தான். எழுத்து அழகு என்பதால் பதக்கப் பலகை எழுதுகிற வேலையும் அவள் தலையில்.

மற்ற விசயங்கள் முடிந்ததும் நாகலெட்சுமி எழுந்தாள். "பட்டியல் போடுற விதிய ஒருக்கா உறுதிப்படுத்திக்குவோம். தங்கம் முதல். அதுதான் நியாயம். பரிஸ் ஒலிம்பிக்ல பாருங்க, இந்தியாவுக்கு ஆறு பதக்கம், பாகிஸ்தானுக்கு ஒண்ணு. ஆனா அந்த ஒண்ணு தங்கம். இந்தியாவுக்குத் தங்கம் இல்ல. அதனால பாகிஸ்தான் மேல, இந்தியா கீழ. சரியாத்தானே போட்டாங்க?"

அந்த இடத்தைத் தொட்டால் ஜீவராஜுக்கு எரியும் என்பது தோட்டத்துக்கே தெரியும். பரிஸ் நேரத்தில் ஒரு வாரம் ஆட்டோவில் ஏறினவரையெல்லாம் பிடித்துவைத்து அதைப் பற்றிப் புலம்பினவர் அவர். பாகிஸ்தான் மேல் கோபம் இல்லை, பட்டியல் மேல்தான் கோபம்.

"என்ன நியாயம்? ஆறு பெருசா ஒண்ணு பெருசா?" என்று கேட்டார்.

"தங்கம் பெருசுங்கண்ணே."

"ஆறு பேரு கஷ்டப்பட்டு வாங்கியிருக்கான். அமெரிக்காக்காரன் பேப்பர்ல மொத்தத்தத்தான் முதல்ல போடுவான். அவனுக்குத் தெரியாததா ஒனக்குத் தெரிஞ்சிருச்சு?"

"அவங்களுக்குச் சாதகமான மாதிரி போட்டுக்குவாங்க. நமக்கு எதுக்கு அது. தங்கமே இருக்கட்டும்."

ஜீவராஜுக்கு ஒரு குணம் உண்டு. நாகலெட்சுமி மழை என்றால் அவர் வெயில் என்பார், நனைந்துகொண்டே சொல்வார். இருந்தாலும் முட்டாள் இல்லை. போன வருசத்துப் பட்டியலை ஒருமுறை மனதுக்குள் ஓட்டிப்பார்த்தார். கீழ்டிவிசனுக்குத் தங்கம் பதினான்கு, மேல்டிவிசனுக்கு ஒன்பது. மொத்தம் முப்பத்தொன்று, இருபத்தெட்டு. எப்படிப் போட்டாலும் தான்தான் முதல். பிறகென்ன பயம்? அந்த முப்பத்தொன்றில் எட்டு பெண்களுடையது என்பதை மட்டும் அவர் பிரித்துப் பார்க்கவில்லை. வெண்கலத்தை யார் எண்ணுவது.

"இந்த வருசம் மொத்தப் பதக்கம்தான் முதல். மொத்தம் சமமா வந்தா தங்கம், பிறகு வெள்ளி. ஒத்துக்குறவங்க கை தூக்குங்க" என்றார்.

செல்லசாமியும் மருமகனும் உடனே தூக்கினார்கள். நடுடிவிசனுக்குத் தங்கம் கண்ணில் படுவதே அபூர்வம். இக்னேசியஸ் சேர் கொஞ்சம் யோசித்தார். தங்கத்தில் ஐந்து பின்னால், மொத்தத்தில் மூன்றுதான் பின்னால். அவரும் தூக்கினார், பெற்றீசியாவும் தூக்கினாள். நாகலெட்சுமி மட்டும் கையைக் கட்டிக்கொண்டு முகத்தைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தாள். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அன்றைக்கு அது மேசையைத் தட்டி, தீர்மானம் போட்டு, கையெழுத்தும் வைத்தது.

மறுநாள் மலையில் கொழுந்து நிறுக்கிற நேரத்தில் நாகலெட்சுமி தன் அணியைக் கூட்டினாள். ராக்காயி அக்கா, வினோதா, தனுஷிகா என்று அவளையும் சேர்த்து எட்டுப் பேர். கயிறு இழுத்தலுக்கும் இதே எட்டுப் பேர்தான்.

"எல்லாப் போட்டியிலயும் ஒழுங்கா ஓடுங்க, எறியுங்க. கடைசிப் போட்டி பொம்பளைங்க கயிறு. மூணே டிவிசன், மூணு பதக்கம். வந்து கயித்தப் பிடிச்சாலே வெண்கலம். வராட்டி அதும் இல்ல. அன்னைக்கு நான் சொல்ற வரைக்கும் யாரும் இறங்கக் கூடாது."

ராக்காயி வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு கேட்டாள். "கடைசிவரைக்கும் ஜீவராஜுக்கு அந்த வெண்கலம் தேவப்படாம போச்சுன்னா?"

"போச்சுன்னா முருகன் விட்ட வழி."

முருகன் நல்ல வழியாகத்தான் விட்டார். மூன்று நாள் விழா. மொத்தப் பதக்கம்தான் கணக்கு என்றதும் ஆட்டத்தின் போக்கே மாறிவிட்டது. இக்னேசியஸ் சேர் கணக்கு வாத்தியார் அல்லவா, குண்டு போடுதலுக்கும் கெரமுக்கும் சதுரங்கத்துக்கும் மேல்டிவிசனில் இருந்து ஆள் மேல் ஆளாக இறக்கினார். முதலாவது வரவேண்டாம், மூன்றாவது வந்தால் போதும் என்று சொல்லி அனுப்பினார். எண்ணூறு மீற்றர் ஓட்டத்தில் வெற்றிக் கோட்டைத் தாண்டி நின்றவனை விட்டுவிட்டு, நாலாவதாக வந்துகொண்டிருந்த பையனை மொத்தச் சனமும் கத்தி ஓடவைத்தது. தங்கம் வாங்கியவன் தனியாகப் போய்த் தண்ணீர் குடித்தான்.

மூன்றாம் நாள் பின்னேரம் மலை முகட்டில் பனிமூட்டம் இறங்கத் தொடங்கியபோது இருபத்துமூன்று போட்டி முடிந்திருந்தது. பலகையில் நாகலெட்சுமி எழுதினாள்.

கீழ்டிவிசன்: தங்கம் 11, வெள்ளி 8, வெண்கலம் 9. மொத்தம் 28.
மேல்டிவிசன்: தங்கம் 10, வெள்ளி 9, வெண்கலம் 8. மொத்தம் 27.
நடுடிவிசன்: தங்கம் 2, வெள்ளி 6, வெண்கலம் 6. மொத்தம் 14.

மீதி ஒரே ஒரு போட்டி. பெண்கள் கயிறு இழுத்தல். ஒலிபெருக்கியில் முதல் அழைப்பு வந்தது. மேல்டிவிசன் பெண்கள் பெற்றீசியாவின் பின்னால் வரிசையாக இறங்கினார்கள். ஐந்து வருசமாக இதில் தங்கம் அவர்களுக்குத்தான். நடுடிவிசன் பெண்களும் சிரித்துக்கொண்டு வந்தார்கள். கீழ்டிவிசன் பெண்கள் எட்டுப் பேரும் மேட்டில் உட்கார்ந்து கச்சான் கடலை உடைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஜீவராஜ் ஓடிவந்தார். "கூப்பிடுறாங்க, காதுல விழலையா?"

"விழுது அண்ணே" என்றாள் நாகலெட்சுமி. "ஞாயித்துக்கிழமையில பாதி எங்களுக்குன்னு மைக்ல சொல்லுங்க. இறங்குறோம்."

ஜீவராஜ் அவளையும் பலகையையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு முகம் மலர்ந்தது. "அடி ஆத்தி, இதுக்குத்தானா. நீங்க வராட்டி என்ன? நமக்கு இருபத்தெட்டு. மேல்டிவிசன் ஒண்ணு வாங்கினா அவங்களும் இருபத்தெட்டு. சமம். சமமா வந்தா தங்கம். தங்கத்துல நமக்குப் பதினொண்ணு, அவங்களுக்குப் பத்து. நான்தான் முதல். கச்சானத் தின்னுட்டு மெதுவா வீட்டுக்குப் போங்க."

மேட்டில் கச்சான் உடைகிற சத்தம் நின்றது. வினோதா டீச்சரைப் பார்த்தாள். ராக்காயி தரையைப் பார்த்தாள். அந்தப் பஸ்ஸில் இருந்த அதே முகங்கள் என்று நாகலெட்சுமிக்குத் தோன்றியது. சமமானால் தங்கம் என்ற வரியை அவள் கையாலேயே எழுதியிருந்தாள். எழுதியவளுக்கே அது நினைவில் இல்லை. கிணறு வெட்டப் போனவளுக்குப் பூதம் கிளம்பியது.

இரண்டாவது அழைப்பு வந்தது. அவள் பலகையைத் திரும்பப் பார்த்தாள். பதினொன்று, பத்து. பத்து என்று எழுதிய இடத்திலேயே கண் நின்றது. கீழே மைதானத்தில் பெற்றீசியா கையில் மண்ணைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நாகலெட்சுமிக்கு மூச்சு வந்தது. சிரிப்பும் சேர்ந்து வந்தது, அதை மட்டும் விழுங்கிக்கொண்டாள்.

"சரிங்கண்ணே" என்றாள். "நீங்க சொன்ன கணக்குல மேல்டிவிசனுக்குப் பத்துத் தங்கம். இப்ப அவங்க வாங்கப் போறது என்ன பதக்கம்?"

ஜீவராஜ் விரலை மடக்கி எண்ணத் தொடங்கினார். பத்துக்கு மேல் மடக்க விரல் இல்லை.

"தங்கம் வாங்கினா அவங்களுக்கும் பதினொண்ணு. மொத்தமும் சமம், தங்கமும் சமம். பிறகு வெள்ளி. அவங்களுக்கு ஒம்பது, நமக்கு எட்டு. பரிஸ்லயும் இப்படித்தான். அமெரிக்காவுக்கும் சீனாவுக்கும் தங்கம் நாப்பதுக்கு நாப்பது. வெள்ளியிலதான் அமெரிக்கா மேல போச்சு. ஞாபகம் இருக்குமே ஒங்களுக்கு."

ஜீவராஜ் நடுடிவிசன் பெண்களிடம் ஓடினார். அவர் கையை ஆட்டி ஆட்டிப் பேசுவது மேட்டில் இருந்து நன்றாகத் தெரிந்தது. நடுடிவிசன் பெண்களின் தலைவி, பெற்றீசியாவின் தோளையும் தன் தோளையும் காட்டிச் சொன்ன பதில் ஒலிபெருக்கி இல்லாமலே மேடுவரை கேட்டது.

"அஞ்சு வருசமா தோக்குறோம்ண்ணே. இன்னைக்கு நீங்க வந்து சொன்னதுக்காக ஜெயிச்சிருவோமா?"

திரும்பி வந்த ஜீவராஜ் மேட்டின் அடியிலேயே நின்றார்.

"நீங்க இறங்கினா?"

"தோத்தாலும் வெண்கலம்" என்றாள் நாகலெட்சுமி. "நமக்கு இருபத்தொம்பது. அவங்க தங்கமே வாங்கினாலும் இருபத்தெட்டு. ஒரே ஒரு வெண்கலம் அண்ணே. யாரும் எண்ணாத வெண்கலம்."

ராக்காயி குறுக்கே புகுந்தாள். "அரை நாளுன்னா காலையில அரை நாளு தம்பி. மத்தியானம் வரைக்கும். பின்னேரம் பனி மூடி மழை வந்துரும், அத நீங்களே வச்சுக்குங்க."

கடைசி அழைப்புக்கு நடுவர் விசிலை வாயில் வைத்துவிட்டார். ஜீவராஜ் ஓடிய ஓட்டத்தைப் பார்த்தால், நூறு மீற்றரில் அவரையே இறக்கியிருக்கலாம். மைக்கைப் பிடுங்கினார். மூன்று டிவிசனும் கேட்கச் சொன்னார். "கீழ்டிவிசனுக்குக் கிடைக்கிற ஞாயித்துக்கிழமையில காலையில இருந்து மத்தியானம் வரைக்கும் மைதானம் பொம்பளைப் பிள்ளைங்களுக்கு. இது நான் குடுக்குற வாக்கு." அவருடைய கிரிக்கெட் பட்டாளம் திகைத்துப்போய் ஒருவரையொருவர் பார்த்தது.

எட்டுப் பேரும் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினார்கள்.

அவர்கள் இழுத்த அழகைச் சொல்லாமல் இருப்பதே மரியாதை. ஆனால் சொல்லாமல் இருக்க முடியாது. பெற்றீசியாவின் அணி ஒரு சுண்டு சுண்டியதும் எட்டுப் பேரும் ஒருத்தி மேல் ஒருத்தியாகச் சேற்றில் விழுந்தார்கள். எழுந்து நின்றார்கள், மறுபடி விழுந்தார்கள். நடுடிவிசனோடு கொஞ்சம் நின்று பிடித்தார்கள், ராக்காயி வழுக்கியதோடு அதுவும் முடிந்தது. மேல்டிவிசனுக்குத் தங்கம், நடுடிவிசனுக்கு வெள்ளி, கீழ்டிவிசனுக்கு வெண்கலம். மூன்றாவது வந்தவர்கள் கட்டிப்பிடித்து ஆடியதைப் பார்த்து, முதலாவது வந்தவர்கள் ஏதோ தவறு நடந்துவிட்டதோ என்று நடுவரைப் பார்த்தார்கள்.

சேற்றுக் கையோடு நாகலெட்சுமி பலகையைத் திருத்தினாள். கீழ்டிவிசன் 11, 8, 10. மொத்தம் 29. மேல்டிவிசன் 11, 9, 8. மொத்தம் 28.

இக்னேசியஸ் சேர் பலகைக்கு முன்னால் வந்து நின்றார். "தங்கம் முதல்ன்னு போட்டிருந்தா நாங்கதான் சாம்பியன்" என்றார். "பதினொண்ணுக்குப் பதினொண்ணு, வெள்ளியில நாங்க ஒண்ணு கூட. பழைய விதியா இருந்தா ஒங்க வெண்கலத்துக்கு ஒரு வேலையும் இருந்திருக்காது."

"ஆமா சேர்."

"சபையில நீங்கதானே தங்கம் முதல்ன்னு ஒத்தக் கால்ல நின்னீங்க. நான்தான் ஒங்கட பேச்சக் கேக்காம கை தூக்கினேன்." சொல்லிக்கொண்டே வந்தவர் நடுவில் நிறுத்தினார். அவளை ஒருமுறை உற்றுப் பார்த்தார். பிறகு குடையைத் தரையில் ஊன்றி, கண்ணில் நீர் வரச் சிரித்தார். அவர் தோற்றவர், சிரிக்கவேண்டிய கட்டாயம் இல்லை. நல்ல மனிதர்.

கப்பை ஏந்திக்கொண்டு ஜீவராஜ் வந்தார். சிரிப்பின் கடைசித் துண்டு அவர் காதிலும் விழுந்தது. என்ன நடந்தது என்று பாதி புரிந்தது, மீதிப் பாதி ஆட்டோ ஓட்டும்போது புரியும் போலிருந்தது. கப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நாகலெட்சுமியின் முன் நின்றார்.

"அடுத்த வருசம் பழையபடி தங்கம்தான் முதல். நானே தீர்மானம் கொண்டுவருவேன். வெண்கலத்தக் காட்டி இன்னொருக்கா என்னைய மிரட்ட முடியாது, சொல்லிட்டேன்."

"கொண்டுவாங்கண்ணே. நான் அப்பயும் தங்கம்னுதானே சொன்னேன். இந்தத் தடவ கை தூக்குறேன்."

"தூக்கிட்டு?"

நாகலெட்சுமி மைதானத்தைத் திரும்பிப் பார்த்தாள். சேறும் சகதியுமாக இருந்தது. அந்தச் சேற்றில் வினோதாவும் தனுஷிகாவும் கரப்பந்து வலைக்குக் கம்பு நடுகிற இடத்தைக் காலடியால் அளந்துகொண்டிருந்தார்கள். அடுத்த ஞாயிறுவரை பொறுக்க முடியவில்லை அவர்களுக்கு.

"ஒரு வருசத்து ஞாயித்துக்கிழமை கையில இருக்கு" என்றாள். "பழகிட்டுத் தங்கமே வாங்கித் தாறோம் அண்ணே. அப்ப மத்தப் பாதியையும் கேப்போம்."